தள்ளுவதா, இழுப்பதா? ஏடெடுப்பதா, ஊடுருவுவதா? சந்தைப்படுத்தல் வாய்மொழித் தேர்வின் இணைக் கேள்விகள்

வணிகவியல், மேலாண்மை மாணவர்களுக்கான வாய்மொழித் தேர்வில் சந்தைப்படுத்தல் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இணையாகவே வருகின்றன. இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று முதலில் கேட்பார்கள். இரண்டு வரையறைகளையும் மாணவர் ஒப்பித்து முடித்ததும், எந்தச் சூழலில் எதைத் தேர்வு செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வியாக வரும். பலர் தடுமாறுவது இந்த இரண்டாவது கேள்வியில்தான். ஆகவே மூன்று இணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சுருக்கமான விடையையும், அதன் பின்னால் இருக்க வேண்டிய புரிதலையும் இங்கே தருகிறேன். மூன்றாவது இணையான விலை உத்திகளில்தான் பிழைகள் மிகுதி என்பதால், அதற்குக் கூடுதல் இடம் தேவைப்படுகிறது.

முதல் கேள்வி, விற்பனைக்கும் சந்தைப்படுத்தலுக்கும் உள்ள வேறுபாடு. கையில் இருக்கும் பொருளை வாங்க வைப்பது விற்பனை. வாங்குபவருக்கு என்ன தேவை என்று முதலில் அறிந்து, அதற்கேற்பப் பொருளையும் அளவையும் விலையையும் கிடைக்கும் இடத்தையும் அமைப்பது சந்தைப்படுத்தல். இவ்வளவு சொன்னால் விடை முடிந்தது. எடுத்துக்காட்டாக ஷாம்பூ பாக்கெட்டைச் சொல்லலாம். ஷாம்பூ புட்டியில் மட்டுமே விற்கப்பட்ட நாளில், தினக்கூலி பெறும் குடும்பம் அதை வாங்காததற்குக் காரணம் விருப்பமின்மை அன்று. ஒரே நேரத்தில் அவ்வளவு பணத்தை எடுத்து வைக்க இயலாமைதான். விற்பனை மட்டும் அறிந்தவர் அந்தப் புட்டியையே இன்னும் அழுத்தமாகப் பேசி விற்கப் பார்ப்பார். ஒருமுறை தலை குளிக்கப் போதுமான அளவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து, சில்லறைக் காசுக்கு விற்கலாம் என்று எண்ணுவது சந்தைப்படுத்தல். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் இந்தச் சிறு பாக்கெட் முறைக்கு முன்னோடியாக இருந்தார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய சிக் ஷாம்பூ நிறுவனமே இன்றைய கெவின்கேர்.

இரண்டாவது இணை, தள்ளும் உத்தியும் இழுக்கும் உத்தியும்; பாடநூல்களில் புஷ், புல் என்று வருபவை. உற்பத்தியாளர் தம் செலவையும் முயற்சியையும் மொத்த வியாபாரி மீதும் கடைக்காரர் மீதும் செலுத்தி, அவர்கள் வழியாகப் பொருளை வாடிக்கையாளரிடம் நகர்த்துவது தள்ளுதல். பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்று கடைக்காரருக்குத் தரும் ஸ்கீம், கூடுதல் கமிஷன், கடன் தவணை ஆகியவை அதன் கருவிகள். இதற்கு மாறாக, வாடிக்கையாளரே கடைக்கு வந்து அந்தப் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்கும்படி செய்வது இழுத்தல்.

சிக் ஷாம்பூவின் வரலாற்றில் இதற்கும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. எந்த நிறுவனத்தின் ஷாம்பூவாக இருந்தாலும், ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. சில காலத்துக்குப் பின், சிக் பாக்கெட்டின் காலி உறைகளுக்கு மட்டுமே இலவசம் என்று விதியை மாற்றியது. முதல் கட்டத்தில் போட்டியாளரின் வாடிக்கையாளர் இந்த ஷாம்பூவைப் பயன்படுத்திப் பார்த்தார். இரண்டாம் கட்டத்தில் அதையே தொடர்ந்து வாங்கும் பழக்கம் உருவானது. மக்கள் கேட்டு வந்ததால் கடைக்காரர் இருப்பு வைத்தே ஆக வேண்டியதாயிற்று. இந்த இரு கட்டங்களையும் பிரித்துச் சொல்லும் மாணவர், கருத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தேர்வாளர் உடனே அறிந்துகொள்வார்.

எதைத் தேர்வு செய்வது? பெயர் பார்க்காமல் வாங்கும் ஆணி, மின்கம்பி நாடா போன்ற பொருள்களுக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதே முடிவு. அங்கே தள்ளுதல் பொருந்தும். பற்பசை, பிஸ்கட், தேயிலை ஆகியவற்றுக்கு இழுத்தல் தேவை. தள்ளுதல் மட்டுமே நடக்கிறது என்பதற்கும் ஓர் அடையாளம் உண்டு. நிறுவனத்தின் கணக்கில் விற்பனை உயர்ந்திருக்கும். கடையிலோ சரக்கு தேங்கிக் காலாவதித் தேதியை நெருங்கும். சில மாதங்களில் அது திரும்பி வரும். கடைக்குப் போன சரக்கும் கடையிலிருந்து விற்ற சரக்கும் வெவ்வேறு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

மூன்றாவது இணை, ஸ்கிம்மிங் என்னும் ஏடெடுக்கும் விலையும், பெனட்ரேஷன் என்னும் ஊடுருவும் விலையும். பாலின் மேல் படியும் ஏட்டை முதலில் எடுப்பதைப் போல, அதிக விலை தர ஆயத்தமாக இருப்பவர்களிடம் முதலில் விற்றுப் பின்னர் விலையைக் குறைப்பது முன்னது. புதிய கைபேசி வெளியான வாரத்தில் ஒரு விலைக்கும், சில மாதங்கள் கழித்துக் குறைந்த விலைக்கும் கிடைப்பது எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. தொடக்கத்திலேயே குறைந்த விலை வைத்து, விரைவாகப் பெருந்தொகையான வாடிக்கையாளரைச் சேர்ப்பது பின்னது. 2016 செப்டம்பரில் சேவையைத் தொடங்கிய ஜியோ, 2017 மார்ச் இறுதிவரை அழைப்பையும் இணையத்தையும் இலவசமாகத் தந்தது இதன் உச்ச வடிவம். 2019 டிசம்பரில் அந்நிறுவனமும் போட்டி நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின.

குறைந்த விலை வைத்தால் விற்பனை கூடும், ஆகவே இலாபமும் கூடும் என்பதே இங்கு நான் அடிக்கடி கேட்கும் தவறான விடை. ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். மகளிர் சுய உதவிக் குழு ஒன்று சீயக்காய்ப் பொடிப் பாக்கெட்டை 40 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். ஒரு பாக்கெட்டுக்கான மூலப்பொருள், அரைவைக் கூலி, உறை எல்லாம் சேர்த்து 28 ரூபாய். மிஞ்சுவது 12 ரூபாய். மாதம் 500 பாக்கெட் விற்றால் 6,000 ரூபாய். வாடகை போன்ற நிலைச் செலவுகளை இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இப்போது விலையை 34 ரூபாயாகக் குறைத்தால் பாக்கெட்டுக்கு 6 ரூபாய்தான் மிஞ்சும். பழைய 6,000 ரூபாயை எட்டவே 1,000 பாக்கெட் விற்க வேண்டும். விலை 15 விழுக்காடு குறைந்ததற்கு, விற்பனை இரு மடங்காக வேண்டியிருக்கிறது. அளவு கூடும்போது பாக்கெட் ஒன்றுக்கான செலவு குறையுமானால் மட்டுமே ஊடுருவும் விலை நிலைத்து நிற்கும். கையால் அரைத்து அடைக்கும் குழுவுக்கு அந்தக் குறைவு எளிதில் கிடைக்காது. ஒரே வலையமைப்பைப் பலருக்குப் பகிர்ந்து தரும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குக் கிடைக்கும்.

இன்னொரு வரம்பும் உண்டு. விலையையே தரத்தின் அடையாளமாக மக்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்களில் குறைந்த விலை எதிராகத் திரும்பக்கூடும். 2008-இல் ஒரு லட்சம் ரூபாய் கார் என்று அறிமுகமான டாட்டா நானோவின் உற்பத்தி 2018-இல் நின்றது. ஆலை இடமாற்றம் உள்ளிட்ட வேறு காரணங்களும் அதற்கு இருந்தன. ஆயினும், மிக மலிவான கார் என்று அது அடையாளப்படுத்தப்பட்டது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னர் கூறினார். கார் வாங்கும் குடும்பம் பயணத்துக்காக மட்டும் அதை வாங்குவதில்லை. அக்கம்பக்கத்தில் கிடைக்கும் மதிப்புக்காகவும் வாங்குகிறது.

மலிவான விலைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால், குறைந்த விலையில் பிரிண்டரை விற்று மைக்கு அதிக விலை வைப்பதை ஊடுருவும் விலை என்று சொல்லிவிடும் மாணவர்களும் உண்டு. அது வேறு முறை. ஊடுருவும் விலையில், முதலில் குறைக்கப்பட்ட அதே பொருளின் விலை பின்னர் உயரலாம், அல்லது பெருகிய அளவே இலாபத்தைத் தரும். பிரிண்டரின் விலை உயர வேண்டிய தேவையே இல்லை. அதனுடன் சேர்த்து வாங்கியே ஆக வேண்டிய மையிலிருந்து இலாபம் வருகிறது.