மலிவான 8 போர்ட் 10/100 ஸ்விட்ச்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வந்தவை

இந்த ரக ஸ்விட்ச் அதிகம் சூடாகாது, ஹேங் ஆகாது, மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் கேட்காது. அதனாலேயே வேகம் படுத்தால் எல்லோரும் இன்டர்நெட்டைத் திட்டுவார்கள். மூலையில் கிடக்கும் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நான்கு கணினிகள், ஒரு நாஸ், ஒரு ரவுட்டர், எல்லாமே இதில்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ். நடைமுறையில் கிடைப்பது 94 வரை; கோப்பு காப்பி செய்தால் நொடிக்கு சுமார் 11 எம்பி. ஒருவர் மட்டும் நாஸிலிருந்து 8 ஜிபி கோப்பை இழுத்தால் 12 நிமிடத்தில் முடியும். நான்கு பேரும் ஆளுக்கு 8 ஜிபி இழுத்தால் முக்கால் மணி நேரம் தாண்டும். நாஸ் செருகியிருக்கும் அந்த ஒரே போர்ட்டை நான்கு பேரும் பங்கு போடுகிறார்கள். ரவுட்டர் போர்ட்டிலும் இதே கதைதான்: 300 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கியிருந்தாலும் நான்கு கணினிக்கும் சேர்த்து 94-தான்.

பெட்டியில் 1.6 ஜிபிபிஎஸ் கொள்ளளவு என்று போட்டிருக்கும். பொய்யில்லை, எட்டு போர்ட்டையும் இரு திசையிலும் கூட்டிய கணக்கு அது. முதல் கணினியிலிருந்து இரண்டாவதுக்கும், மூன்றிலிருந்து நான்குக்கும் ஒரே நேரத்தில் காப்பி போட்டுப் பாருங்கள், இரண்டுமே 11 எம்பியில் ஓடும். ஸ்விட்சின் உள்பகுதி திணறவில்லை, போர்ட்தான் குறுகல் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அளந்து பார்க்க ஐபெர்ஃப்3 போதும். ஒரு சர்வர் ஒரு நேரத்தில் ஒரு சோதனையைத்தான் ஏற்கும். இரண்டாவது கணினி வந்தால் பிஸி என்று திருப்பி அனுப்பிவிடும். ஆகவே கணினிக்கு ஒரு போர்ட் எண் கொடுத்து, நாஸில் தனித்தனியாக ஓட விடுங்கள்:

```
iperf3 -s -p 5201 &
iperf3 -s -p 5202 &
```

கணினிகளில் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு எண்ணோடு (முகவரியை உங்கள் நாஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்):

```
iperf3 -c 192.168.1.10 -p 5201 -t 20 -R
```

தனியாக 94, இருவர் ஓட்டினால் தலா 47 பக்கம் வந்தால் முடிவு தெளிவு.

ஸ்விட்சைத் தூக்கிப் போடும் முன் கேபிளையும் பார்த்துவிடுங்கள். 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்த கேபிள் கிகாபிட் ஸ்விட்சிலும் 100-க்கே இறங்கக்கூடும். அதே கேபிளை ரவுட்டரின் கிகாபிட் போர்ட்டில் நேரடியாகச் செருகி, லினக்ஸில் இதைக் கொடுங்கள் (உங்கள் கார்டின் பெயர் `eth0` இல்லாமலும் இருக்கலாம்):

```
ethtool eth0 | grep Speed
```

`1000Mb/s` என்று வந்தால் கேபிள் நல்லது, குற்றவாளி ஸ்விட்ச்தான்.

வாங்கும்போது ஒரு பொறி உண்டு: எட்டு 100 போர்ட்டோடு ஒரே ஒரு கிகாபிட் போர்ட் வைத்து, பெட்டியில் கிகாபிட் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். நாஸை அந்தப் போர்ட்டில் செருகினால் நான்கு கணினிக்கும் தலா 94 கிடைக்கும், கூட்ட நெரிசல் தீரும். ஆனால் எந்தக் கணினியும் 94-ஐத் தாண்டாது.

எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக உள்ள ஸ்விட்சில் அதே சோதனை 940 பக்கம் காட்டும். பழையதைப் பிரிண்டருக்கும் ஓரிரு கேமராவுக்கும் தாராளமாக விடலாம். ரவுட்டருக்கும் புது ஸ்விட்சுக்கும் நடுவில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.