லிப்போசோமலா, பழைய ஆம்போடெரிசினா, ஒற்றை டோஸா? பரவிய ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் சிகிச்சை ஓர் ஒப்பீடு

பிரேசிலின் வடகிழக்கில் இருக்கும் செயாரா மாநிலத்தில், எச்ஐவி முற்றிய நிலையில் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சை நோய் உடல் முழுக்கப் பரவி மருத்துவமனைக்கு வருவது அரிதல்ல. அங்கே அனுமதியாகும் ஒரு நோயாளியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 34, எடை 48 கிலோ, சிடி4 எண்ணிக்கை 28. மூன்று வாரமாக விடாத காய்ச்சல். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கின்றன. ஹீமோகுளோபின் 7, தட்டணுக்கள் 60,000, எல்டிஎச் பல மடங்கு எகிறியிருக்கிறது. முகத்திலும் கைகளிலும் சின்னச் சின்னப் பருக்கள்.

காசநோய் என்று நினைக்கத் தோன்றும் படம்தான் இது. இந்தப் பூஞ்சைக்கு மருந்து கிடைக்காமல் பலர் இறப்பதற்கு அந்த நினைப்பே காரணம். நம் நோயாளிக்கு யாரோ சிறுநீரில் ஹிஸ்டோபிளாஸ்மா ஆன்டிஜென் பார்க்கச் சொன்னார்கள், பாசிட்டிவ் என்று வந்தது. எச்ஐவி முற்றியவர்களில் பரவிய நோய் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிடித்துவிடும். இனி கேள்வி மருந்தைப் பற்றியது.

முதல் இரண்டு வாரம்

மாத்திரையிலேயே தொடங்கிவிடலாமே என்ற யோசனையை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நோய் லேசாக இருப்பவர்களுக்கு இட்ராகோனசோல் மட்டுமே போதும் என்பதற்கு 1990-களிலேயே சான்று உண்டு. ஆனால் இவருக்கு இரத்த அணுக்கள் சரிந்திருக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு வேகம் முக்கியம். கொழுப்புத் துகள்களில் அடைத்த லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஊசியையும் இட்ராகோனசோலையும் ஒப்பிட்டு 2001-ல் வெளியான ஆய்வில், இரண்டு வார முடிவில் லிப்போசோமல் பெற்றவர்களில் 85 சதவீதத்துக்கும் மேலானோரின் இரத்தத்தில் பூஞ்சை வளரவில்லை. இட்ராகோனசோல் பெற்றவர்களில் அது 53 சதவீதம்தான். ஆன்டிஜென் அளவும் முதல் குழுவில் கண்கூடாக இறங்கியது, இரண்டாவதில் ஏறக்குறைய அசையவே இல்லை.

ஆகவே ஊசிதான். எந்த ஊசி?

பழைய டீஆக்ஸிகோலேட் வகையின் அளவு கிலோவுக்கு 0.7 மி.கி. நம் நோயாளிக்கு 34 மி.கி., அதாவது நாளுக்கு ஒரு 50 மி.கி. குப்பி. மலிவு, எங்கும் கிடைக்கும். லிப்போசோமல் வகையில் கிலோவுக்கு 3 மி.கி.; நாளுக்கு 144 மி.கி., அதாவது மூன்று குப்பி. பதினான்கு நாளுக்கு 42 குப்பி. விலை வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட அமெரிக்க ஆய்வு 2002-ல் வெளிவந்தது. 81 நோயாளிகள், எல்லாருக்கும் எச்ஐவி. சிகிச்சை பலித்தது லிப்போசோமலில் 88 சதவீதம் பேருக்கு, டீஆக்ஸிகோலேட்டில் 64 சதவீதம் பேருக்கு. இறப்பு 2 சதவீதம், 13 சதவீதம். சிறுநீரகப் பாதிப்பு 9 சதவீதம், 37 சதவீதம். பக்க விளைவு குறைவு என்பதை ஆய்வு தொடங்கும்போதே எதிர்பார்த்திருப்பார்கள். உயிர் பிழைப்பதிலும் வித்தியாசம் வந்ததுதான் இந்த ஆய்வின் கனம். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் லிப்போசோமலுக்கு இவ்வளவு தெளிவான உயிர் காக்கும் மேன்மை காணப்பட்டதில்லை. ஹிஸ்டோபிளாஸ்மா கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையின் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் குடியிருப்பது, லிப்போசோம்களும் அதே செல்களில் போய்ச் சேருவது என்பது நம்பத்தகுந்த விளக்கம்.

டீஆக்ஸிகோலேட் மட்டுமே கையில் இருக்கிறது என்றால் தயங்காமல் அதையே கொடுக்க வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து நான்கு முதல் ஆறு மணி நேரம் ஏற்ற வேண்டும். சலைனில் கலந்தால் மருந்து திரிந்து படியும். சலைன் பாட்டிலை மருந்துக்கு முன்னால் தனியாக ஏற்றினால் சிறுநீரகம் ஓரளவு தாங்கும். பொட்டாசியம், மெக்னீசியம், கிரியாட்டினின் மூன்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஏஆர்டி என்ற எச்ஐவி சிகிச்சையில் டெனோஃபோவிர் டிஎஃப் இருந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை.

வார்டில் உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு குப்பியிலும் ஆம்போடெரிசின் பி என்று எழுதியிருக்கும், இரண்டும் 50 மி.கி. கேஸ் ஷீட்டில் ‘ஆம்போடெரிசின் 150 மி.கி.’ என்று மட்டும் எழுதி, வந்தது டீஆக்ஸிகோலேட்டாக இருந்தால், நம் நோயாளிக்குக் கிலோவுக்கு 3 மி.கி.க்கு மேல் போய்விடும். அந்த வகையில் 1.5 மி.கி.தான் தாண்டக் கூடாத எல்லை. தாண்டினால் இதயம் நின்றுபோகலாம். வகையின் பெயரையும் கிலோவுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

மூன்றாவது வழி, ஒரே டோஸ். பிரேசிலில் நடந்து 2023-ல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வு மூன்று குழுக்களை ஒப்பிட்டது: முதல் நாள் மட்டும் கிலோவுக்கு 10 மி.கி. லிப்போசோமல்; முதல் நாள் 10, மூன்றாம் நாள் 5; வழக்கமான 3 மி.கி. வீதம் இரண்டு வாரம். பதினான்காம் நாளில் சிகிச்சைக்குப் பலன் தெரிந்தவர்கள் முறையே 84, 69, 74 சதவீதம். புள்ளியியல்படி இவற்றுக்குள் வேறுபாடு இல்லை. நம் நோயாளிக்கு ஒற்றை டோஸ் என்றால் 480 மி.கி., பத்து குப்பி. 42 எங்கே, பத்து எங்கே!

ஆனாலும் 84 என்ற எண்ணைப் பார்த்து ஒற்றை டோஸ்தான் மேல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குழுவுக்கு ஏறக்குறைய நாற்பது பேர்தான். வேறுபாடு தெரியவில்லை என்பதும் சமம் என்று நிரூபணமானது என்பதும் ஒன்றல்ல. என் தீர்ப்பு இது: 42 குப்பி கிடைக்கும் இடத்தில், இரத்த அழுத்தம் சரிந்தோ மூச்சுத் திணறியோ இருக்கும் நோயாளிக்கு இரண்டு வார லிப்போசோமலே கொடுப்பேன். கையில் பத்து குப்பிதான், இல்லாவிட்டால் டீஆக்ஸிகோலேட் என்ற நிலை வந்தால், ஒற்றை டோஸைத் தேர்ந்தெடுத்து மறுநாளே இட்ராகோனசோலைத் தொடங்குவேன். மூளையில் நோய் இருந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அங்கே கிலோவுக்கு 5 மி.கி., நான்கு முதல் ஆறு வாரம்.

மாத்திரையா, கரைசலா

நம் நோயாளிக்கு இரண்டு வார லிப்போசோமல் கிடைத்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூளையில் நோய் இல்லை என்று தெரிந்ததால் ஏஆர்டியைத் தள்ளிப்போடவில்லை, டோலுடெக்ராவிருடன் தொடங்கினார்கள். பதினைந்தாம் நாள் இட்ராகோனசோல்: முதல் மூன்று நாள் 200 மி.கி. மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை, குறைந்தது ஓராண்டு.

கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டோடு போட வேண்டும். கரைசல் அதற்கு நேர்மாறு, வெறும் வயிற்றில் நன்றாக ஏறும். அமிலம் குறைந்தாலும் பாதகமில்லை. ஆனால் விலை அதிகம், பலருக்கு வயிற்றுப்போக்கு வரும். மலிவான கேப்ஸ்யூலில் தொடங்குவது தவறில்லை, ஆனால் இரண்டு வாரம் கழித்து இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மி.லி.க்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். எச்பிஎல்சி முறையில் இட்ராகோனசோல், ஹைட்ராக்ஸி இட்ராகோனசோல் என்று இரண்டு எண் வரும், இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம்.

அளவைக் குப்புறக் கவிழ்ப்பவற்றில் முதலிடம் ரிஃபாம்பிசினுக்கு. காசநோய் என்று சந்தேகித்து ஏற்கெனவே தொடங்கிய மாத்திரை ஓடிக்கொண்டே இருந்தால் இட்ராகோனசோல் இரத்தத்தில் நிற்காது. எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸும் அப்படித்தான். இட்ராகோனசோலுக்குப் பதில் ஃப்ளூகோனசோல் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பூஞ்சைக்கு அது பலவீனமான மருந்து, சிகிச்சையின்போதே எதிர்ப்புத்திறனும் உருவாகும்.

ஆன்டிஜெனைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா

ஆன்டிஜெனைத் தொடக்கத்திலும், இரண்டாம் வாரத்திலும், முதல் மாத முடிவிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். நம் நோயாளியின் முதல் சிறுநீர் அறிக்கை ‘அளவிடும் எல்லைக்கு மேல்’ என்றது. இப்படி வந்தால் அடுத்த முறை பாதியாகக் குறைந்திருந்தாலும் அதே வாசகம் வரக்கூடும். அதனால் சீரத்திலும் எடுத்து வைத்தார்கள். மி.லி.க்கு 14 நானோகிராம். இரண்டு வாரத்தில் 9, ஒரு மாதத்தில் 6. மெதுவாக இறங்குவது இயல்பு. இரண்டாம் வாரத்தில் ஆள் தேறி வரும்போது, எண் போதுமான அளவு இறங்கவில்லை என்று மருந்தை மாற்றத் தேவையில்லை.

நான்காம் மாதத்தில் 8. ஆளுக்குக் காய்ச்சல் இல்லை, எடையும் கூடியிருக்கிறது. ஆளை மட்டும் பார்க்கும் மருத்துவர் சரிதான் என்று அனுப்பிவிடுவார். ஆன்டிஜெனை மட்டும் பார்ப்பவர் மீண்டும் ஊசிக்கு ஓடுவார். முதலில் செய்ய வேண்டியது, பழைய சீரம் மாதிரியை எடுத்துப் புதியதோடு ஒரே ஓட்டத்தில் ஓட்டுவது. ஒரு ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் எண் கொஞ்சம் மாறும், ஆய்வகமே மாறியிருந்தால் ஒப்பிடவே முடியாது. சேர்த்து ஓட்டியும் ஏற்றம் உறுதியானது. இரத்தத்தில் இட்ராகோனசோல் அளவு 0.3 என்று வந்தது. விசாரித்தால், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வாங்கிப் போட்டிருக்கிறார், கேப்ஸ்யூலைக் காலையில் காபிக்கு முன்னால் விழுங்கியிருக்கிறார்.

ஒமிப்ரசோல் நின்றது, கரைசலுக்கு மாறினார், மூன்று நாள் மூன்று வேளை டோஸை மீண்டும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மருந்தளவு 1.8. ஏழாம் மாதம் ஆன்டிஜென் 4, பத்தாம் மாதம் 1.5. காய்ச்சலும் அணுக்குறைவும் திரும்பியிருந்தால் மட்டுமே ஆம்போடெரிசினுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு பரிசோதனைகளில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இரண்டாம் வார மருந்தளவைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஆன்டிஜென் மாதக்கணக்கில் தாமதமாகச் சொன்ன செய்தியை அது அன்றைக்கே சொல்லியிருக்கும்.

ஆன்டிஜெனுக்கு ஈடில்லாத இடம் ஒன்று உண்டு. ஏஆர்டி தொடங்கிச் சில வாரத்தில் காய்ச்சலும் நெறிக்கட்டியும் வந்தால், அது நோய் திரும்பியதா, எதிர்ப்புச்சக்தி மீளும்போது வரும் அழற்சியா? ஆன்டிஜென் இறங்கிக்கொண்டே இருந்தால் அழற்சியின் பக்கம் சாயலாம். ஏறினால் நோய் என்றே கொள்ள வேண்டும்.

இந்தியாவில் கங்கைச் சமவெளியிலும் மேற்கு வங்கத்திலும் இந்த நோய் வேரூன்றியிருக்கிறது. மணிப்பூர்ப் பக்கத்தில் டாலரோமைசஸ் என்ற இன்னொரு பூஞ்சையும் உண்டு, அதுவும் இந்த ஆன்டிஜென் பரிசோதனையில் பாசிட்டிவ் காட்டலாம். நல்லவேளையாக அதற்கும் ஆம்போடெரிசின், பிறகு இட்ராகோனசோல் என்பதே வழி.

பன்னிரண்டாம் மாதத்தில் நம் நோயாளிக்கு ஆன்டிஜென் 2-க்குக் கீழ், வைரஸ் அடங்கியிருக்கிறது, ஆனால் சிடி4 110. நிறுத்த 150-க்கு மேல் வேண்டும், ஏஆர்டியும் ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். தொடர்ந்தார்கள். பதினாறாம் மாதத்தில் சிடி4 170 ஆனதும் நிறுத்தினார்கள். சிறுநீரில் மங்கலான பாசிட்டிவ் இன்னும் இருந்தது, அதற்காக நீட்டிக்கவில்லை. அடுத்த ஓராண்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே ஆய்வகத்தில் ஆன்டிஜென் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.