மீட்டர் கெட்டுவிட்டது என்றால் உடனே நம்பாதீர்கள்: ஆர்எஸ்-485 வயரிங் எச்சரிக்கை

பேனலில் 12 எனர்ஜி மீட்டர்களை ஆர்எஸ்-485 எனும் ஒரே இரு வயர் டேட்டா லைனில் இணைத்துத் தர ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலையை ஒப்படைத்தோம். வேலை முடிந்ததும் நான்கு மீட்டர்கள் பதிலே தரவில்லை. மற்ற எட்டும் அவ்வப்போது வாசிப்பு தரும், பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினால் டேட்டா சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழையாகக் கொட்டும். அவர் சொன்ன தீர்ப்பு: "நாலு மீட்டரும் போயிடுச்சு சார், புதுசு வாங்குங்க. மத்ததுக்கு சிக்னலைத் தூக்கிவிட ரிப்பீட்டர் போடணும்." இரண்டுக்கும் தனித்தனியாகக் கொட்டேஷனும் நீட்டினார். இரண்டுமே தேவையில்லாத செலவு.

பவரை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து லைனின் இரு வயருக்கும் இடையே அளந்து பார்த்தேன். சுமார் 10 ஓம்! முறையாகப் போட்ட லைனில் 60 ஓம் அளவுக்கு வர வேண்டும். கேபிளின் இரண்டு முனைகளில் மட்டும் தலா 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர், சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்க. இரண்டும் பேரலல் என்பதால் 60. இவரோ எல்லா மீட்டரிலும் டெர்மினேஷன் சுவிட்சை ஆன் செய்து வைத்திருந்தார். 120-ஐ 12-ஆல் வகுத்தால் வருவது அதே 10. ஆர்எஸ்-485 டிரைவர் 54 ஓம் லோடில் 1.5 வோல்ட் தர வேண்டும் என்பதுதான் தரநிலை. 10 ஓமில் அந்த வோல்டேஜ் படுத்துவிடும். ரிசீவருக்கு குறைந்தது 200 மில்லிவோல்ட் வேண்டும்; அதை ஒட்டியே சிக்னல் தள்ளாடினால் மோட்டாரின் நாய்ஸே போதும், பைட் சிதைய. இரு முனை தவிர எல்லா சுவிட்சையும் ஆஃப் செய்ததும் அந்த எட்டும் சீராகிவிட்டன.

பேசாத நான்கும் வேறு கம்பெனி மீட்டர்கள். லைனின் இரு வயரைக் குறிக்கும் ஏ, பி என்ற எழுத்தை எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே பொருளில் போடுவதில்லை. தரநிலைப்படி லைன் சும்மா இருக்கும்போது பி-தான் பாசிட்டிவ் பக்கம். ஆனால் பெரும்பாலான டிரான்ஸ்சீவர் சிப்களில் ஏ-தான் பாசிட்டிவ். ஏ-க்கு ஏ என்று கண்ணை மூடிக்கொண்டு இணைத்தால் சில மீட்டருக்குப் பிட்டெல்லாம் தலைகீழாகவே போகும். ஏ-பி மாற்றி இணைத்தால் எதுவும் எரிந்துவிடாது என்பதால் சோதிப்பது எளிது: அந்த மீட்டரை மட்டும் சிறிய வயரில், மீட்டர்களை வாசிக்கும் மாஸ்டருடன் இணைத்து, அட்ரஸ், பாட் ரேட், பேரிட்டி ஆகிய செட்டிங்குகள் இரண்டிலும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து, பதில் வராவிட்டால் இரு வயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எங்கள் நான்கும் மாற்றிப் போட்டவுடனே பேசின.

இதைக்கூடச் செய்து பார்க்காமல் மீட்டரைக் குறை சொன்னதுதான் எனக்குக் கோபம். பில்லைத் தீர்க்கும் முன் ஒப்பந்ததாரரை உங்கள் எதிரிலேயே பவர் ஆஃபில் ஓம்ஸ் அளந்து காட்டச் சொல்லுங்கள். 60-க்கு வெகு கீழே இருந்தால் எந்தெந்த மீட்டரில் டெர்மினேஷன் ஆனாகியிருக்கிறது என்று கேளுங்கள். 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேஷன் விட்டுப்போயிருக்கிறது, அல்லது வயர் நடுவில் அறுந்திருக்கிறது.