"புதுசு" என்று விற்ற எஸ்எஸ்டி: பீரோவில் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்

பழைய வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடை ஒன்றில் அப்பா அம்மாவின் கல்யாண வீடியோவையும் எங்கள் சின்ன வயசு கேசட்டுகளையும் கொடுத்தோம். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு 512 ஜிபி எஸ்எஸ்டியில் போட்டு, யுஎஸ்பி பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். "ஹார்ட் டிஸ்க்னா உள்ள சுத்துற பார்ட் இருக்கும், கெட்டுப்போகும். இதுல எதுவுமே நகராது சார், ஆயுசுக்கும் இருக்கும்" என்றார் கடைக்காரர். பில்லில் "புதியது" என்று எழுதி, அதற்கான விலையும் வாங்கினார்.

ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு பீரோ டிராயரில் வைத்தோம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை அது. நாலு வருஷம் கழித்து எடுத்துச் செருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் தெரிகின்றன, பெயர்களும் சரியாக இருக்கின்றன. ஆனால் காப்பி செய்யத் தொடங்கியதும் வேகம் விழுந்து, நின்று, அப்புறம் "cyclic redundancy check" என்ற பிழை வந்தது. கல்யாண வீடியோ தாலி கட்டும் இடத்துக்குச் சற்று முன்பே உறைந்துவிட்டது. போட்டோக்கள் பலவற்றில் மேல் பாதி மட்டும் தெரிகிறது, கீழே வெறும் சாம்பல் நிறம்.

டிரைவின் நிலையைக் காட்டும் CrystalDiskInfo என்ற மென்பொருளில் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. டிரைவ் ஓடிய மொத்த மணி நேரத்தைக் காட்டும் Power On Hours 21,000-க்கு மேல். அதில் எழுதப்பட்ட மொத்தத் தகவலைக் காட்டும் Total Host Writes சுமார் 280 டிபி. எழுதும் ஆயுளில் எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று காட்டும் Percentage Used 93. நாலு வருஷமும் டிராயரில் கிடந்த டிரைவ் 21,000 மணி நேரம் ஓடியிருக்க முடியாது; இரவு பகலாக ஓடினாலே அதற்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம் ஆகும். வேறு எங்கோ உழைத்துத் தேய்ந்த டிரைவைத்தான் புதுப் பெட்டிக்குள் வைத்து எங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

இது வெறும் விலை மோசடி இல்லை, தகவல் அழிந்ததற்கே அதுதான் பெரிய காரணம். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய செல்களில் சிக்கவைத்த மின்னூட்டமாகத்தான் இருக்கிறது. இன்று பரவலாக விற்கும் டிஎல்சி வகையில் ஒரே செல்லில் எட்டு மின்னூட்ட அளவுகளைப் பிரித்தறிந்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். அந்த மின்னூட்டம் காலப்போக்கில் கசியும். கொஞ்சம் நகர்ந்தால் பிழைதிருத்தும் குறியீடு சரிசெய்துவிடும், எல்லை தாண்டினால் படிக்கவே முடியாது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் செல்லின் காப்புப் படலம் கொஞ்சம் பழுதாகிறது. அதனால் அதிகம் எழுதப்பட்ட டிரைவில் கசிவும் அதிகம்.

மெமரி சிப்புகளுக்கு விதிமுறை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை சாதாரண கம்ப்யூட்டர் எஸ்எஸ்டிக்கு எதிர்பார்ப்பது இதுதான்: எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த நிலையிலும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவல் தாங்க வேண்டும். புது டிரைவ் அதைவிடப் பல மடங்கு தாங்கும், அதனால் புதுசு வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். ஆனால் எங்களுடையது 93 சதவீதம் தேய்ந்தது. வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி ஏறினால் தாங்கும் காலம் ஏறத்தாழ பாதியாகும். எங்கள் மாடி அறையில் கோடையில் 35-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம்.

இப்படி ஒரு டிரைவ் உங்களிடம் இருந்தால் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கட்டளையான chkdsk ஓட்டாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள், அதில் எதையும் எழுதாதீர்கள். செருகி வைத்தாலே தானாகச் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். பழைய செல்களைப் புதுப்பித்து எழுதுவது டிரைவை உள்ளிருந்து இயக்கும் கன்ட்ரோலர் சிப் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி, சிலவற்றில் நடப்பதே இல்லை. லினக்ஸில் பழுதான டிரைவை நகலெடுக்கும் ddrescue கருவியால் முதலில் எளிதாக வருவதை எடுத்துவிட்டு, அப்புறம் பிடிவாதம் பிடிக்கும் பகுதிகளுக்குப் போங்கள்:

```
ddrescue -d -n /dev/sdX ssd.img ssd.map
ddrescue -d -r3 /dev/sdX ssd.img ssd.map
```

`sdX` என்ற இடத்தில் உங்கள் டிரைவின் பெயரைச் சரிபார்த்துப் போடுங்கள். நகல் போய்ச் சேரும் `ssd.img` வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும், முழு 512 ஜிபிக்கும் இடம் வேண்டும். எங்களுக்கு இந்த வழியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. கல்யாண வீடியோவில் நடுவே சில நிமிடங்கள் போனது போனதுதான். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டதால் மறுபடி எடுக்கவும் வழியில்லை.

கடைக்குப் போய்க் கேட்டோம். "வாரன்டி முடிஞ்சிருச்சு" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. பில்லில் டிரைவின் சீரியல் எண் எழுதியிருக்கவில்லை, அதனால் தாங்கள் கொடுத்த டிரைவே இது இல்லை என்றும் சாதிக்கிறார்கள்.

ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, கவுன்டரிலேயே டிரைவைச் செருகச் சொல்லி Power On Hours பாருங்கள். புதியதென்றால் கடைக்காரர் காப்பி செய்த சில மணி நேரம் மட்டும்தான் இருக்கும். திரையில் தெரியும் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி உள்ளே வைத்திருப்பவர்கள் இந்த வாரமே எடுத்து, முதலில் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டு, அப்புறம் Power On Hours பாருங்கள்.