பெரிய பேட்டரி போனோடு ரெண்டரை வருஷம்

நேற்றுதான் இந்த போனுக்கு பேட்டரி மாற்றினேன், 1,400 ரூபாய். அதைப் பார்த்துட்டு பக்கத்து ஏரியா தம்பி கேட்டான்: "அண்ணே, நம்ம வேலைக்கு பேட்டரி பெருசா இருக்கணுமா, கேமரா நல்லா இருக்கணுமா?"

நான் மெடிக்கல் ரெப். தேனி, போடி, கம்பம்னு அலைச்சல். காலை எட்டு மணிக்கு ரிப்போர்ட்டிங் ஆப்பில் ஜிபிஎஸ் ஆன் பண்ணினால் ராத்திரிதான் அணைப்பேன். 6000 எம்ஏஎச் பேட்டரி, ரெண்டு வருஷம் ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை. போடிமெட்டு ஏறும்போது சிக்னல் தேடித் தேடியே மற்ற போன்கள் படுத்துவிடும். இது ராத்திரி வீட்டுக்கு வரும்போதும் 30 சதவீதம் காட்டும். குறையே சொல்ல முடியாது.

கேமராவைத்தான் சொல்லணும். கடையில் காலாவதியான மருந்துக்கான எக்ஸ்பயரி க்ளெய்முக்கு, மாத்திரை ஸ்ட்ரிப்பின் பேட்ச் நம்பரை போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பணும். பளபளக்கிற அலுமினியத்தில் மை இல்லாமல் வெறும் அழுத்தி வைத்த எழுத்து. கிட்டே கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது, ஃப்ளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டு. கம்பத்தில் எடுத்த ஒரு போட்டோவில் அது "B"யா "8"ஆ என்று ஆபீஸில் தெரியாமல், க்ளெய்ம் திரும்பி வந்தது. அந்த ஒரு எழுத்துக்காக மறுநாள் தேனியிலிருந்து 40 கிலோமீட்டர் திரும்பப் போனேன். இந்த போனில் கிட்டத்தில் வைத்து எடுக்கவென்றே "மேக்ரோ" என்று 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசினால் வாய் கெட்டுவிடும்.

பிறகு கற்றுக்கொண்டது: ஒரு அடி தள்ளி நின்று 2x ஜூம் வைக்கணும், ஃப்ளாஷ் வேண்டாம், கடை வாசலில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஸ்ட்ரிப்பைச் சாய்க்கணும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். விலை கூடின போனிலும் இதையேதான் செய்யணும். சென்சார் பெரிதாக இருந்தால் கிட்டத்து ஃபோகஸ் இன்னும் மோசமாகவும் இருக்கும்.

இன்னொன்று. நல்ல கேமராவில் ஓஐஎஸ் இருக்கும், லென்ஸ் மிதந்தபடி கை நடுக்கத்தைச் சரிசெய்யும். பைக் ஹேண்டில்பாரில் மாட்டி ஓட்டினால் இன்ஜின் அதிர்வு அதைக் கெடுத்துவிடலாம். 2021இல் ஆப்பிளே தன் ஐபோன்களுக்கு இந்த எச்சரிக்கையை வெளியிட்டது. எங்கள் டீமில் ஒருவருடைய போன் இப்போது எதைக் காட்டினாலும் நடுங்குகிறது, கேமராவைத் திறந்தால் உள்ளே கடகடவென்று சத்தம். மேப் பார்க்கணும்னா காதில் கேட்டுக்கொண்டு போ, போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

இவ்வளவும் படித்தால் பேட்டரி போன்தான் என்று தோணும். இல்லை தம்பி, நீ கேமரா போனே வாங்கு. பேட்டரி தீர்ந்தால் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கவுண்டர் ஓரமா ஒரு சார்ஜர் கிடைக்கும். என் பாடு வேறு. 1,400 செலவு பண்ணியாச்சு, இன்னும் ஒரு வருஷம் இதையே ஓட்டணும்.