எலுமிச்சைச் சாறா, தண்ணீரா? மருதாணி மூன்றாம் நாள் எதில் அதிகம் சிவக்கிறது

ஒரே பொட்டலத்திலிருந்து 20 கிராம், 20 கிராமாக இரண்டு கிண்ணங்களில் மருதாணித் தூளை எடுத்துக்கொண்டேன். ஒன்றை வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றிலும், இன்னொன்றை வெதுவெதுப்பான தண்ணீரிலும் குழைத்தேன். தூளின் எடையைப் போல மூன்று மடங்கு திரவம், அதாவது சுமார் 60 மில்லி, இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. கரண்டியைத் தூக்கினால் பசை மெல்ல வழிய வேண்டும், அதுதான் பதம். இரண்டின் மேலும் காற்று புகாதபடி பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி, ஒரே மேசையில் வைத்தேன்.

இந்தக் காத்திருப்பு எதற்கு என்பது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். காய்ந்த இலையில் சாயம் தயார் நிலையில் இல்லை. அது சர்க்கரையோடு பிணைந்த ஒரு முன்வடிவமாகத்தான் இருக்கிறது. ஈரம் பட்டதும் அந்தப் பிணைப்பு அறுந்து சாயத்தின் மூலக்கூறு விடுபடுகிறது. இதைத்தான் சாயம் இறங்குவது என்கிறோம். விடுபட்டதும் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து லாசோன் என்ற ஆரஞ்சு நிறப் பொருளாகிறது. தோலின் கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொள்வது இதுதான். ஆனால் பசைக்குள்ளேயே வெகுநேரம் ஆக்சிஜனேற்றம் நடந்துவிட்டால், கையில் ஏறுவதற்கு வீரியம் மிச்சமிருக்காது. அதனால் சாயம் இறங்கவும் வேண்டும், அது கிண்ணத்திலேயே தீர்ந்துபோகவும் கூடாது. இரண்டு கிண்ணங்களும் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

சாயம் இறங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு பொட்டு போதும். பசையை உள்ளங்கையில் வைத்து, 5 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலோ மங்கலான மஞ்சள் மட்டும் தெரிந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும். பளிச்சென்று ஆரஞ்சுப் பொட்டு நின்றால் பசை தயார். இன்னொரு அடையாளமும் உண்டு: பசையின் மேற்பரப்பு பழுப்பாகியிருக்கும், கரண்டியால் கிளறினால் உள்ளே பச்சையாக இருக்கும். மேலே காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் நடந்ததன் அறிகுறி அது.

தண்ணீர்க் கிண்ணம் மூன்று மணி நேரத்திலேயே ஆரஞ்சுப் பொட்டு தந்தது. அறை வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்த நாள் அது. எலுமிச்சைக் கிண்ணம் அதே நேரத்தில் வெறும் மஞ்சள்தான். எட்டு மணி நேரம் ஆன பிறகே அது ஆரஞ்சுக்கு வந்தது. அமிலம் ஆக்சிஜனேற்றத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், அதனால் இறங்கிய சாயம் அவசரப்பட்டுத் தீர்ந்துபோவதில்லை. குளிர்ந்த அறையில் இதற்கு ஒரு முழு நாளும் ஆகலாம்.

இரண்டையும் அதனதன் உச்சத்தில் இட்டுப் பார்த்தேன். இடது உள்ளங்கையில் மூன்றாவது மணி நேரத்துத் தண்ணீர்ப் பசை, வலது உள்ளங்கையில் எட்டாவது மணி நேரத்து எலுமிச்சைப் பசை. இரண்டையும் 6 மணி நேரம் விட்டு உதிர்த்தேன். உதிர்த்தவுடன் இரண்டும் ஒரே ஆரஞ்சு, பழுத்த பூசணியின் உட்பக்கம் போல. பலர் இந்த இடத்தில்தான் ஏமாற்றமடைந்து, பிடிக்கவே இல்லையே என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்த ஆரஞ்சை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சாயம் தோலின் மேலுள்ள இறந்த செல் அடுக்கில் இருக்கிறது, ஆக்சிஜனேற்றம் அங்கே இன்னும் முடியவில்லை. மறுநாள் செம்பழுப்பின் சாயல் தட்டத் தொடங்கியது. 48 மணி நேரத்தில் இரண்டுமே நன்றாகச் சிவந்துவிட்டன. மூன்றாம் நாள் வலது கை ஒரு படி ஆழமாக, கருஞ்சிவப்பாக நின்றது. வித்தியாசம் உண்டுதான், ஆனால் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

பெரிய வித்தியாசம் மிச்சப் பசையில்தான் தெரிந்தது. முதலில் குழைத்து 24 மணி நேரம் ஆனபின் இரண்டிலிருந்தும் மறுபடி பொட்டு வைத்தேன். எலுமிச்சைப் பசை அதே பளிச் ஆரஞ்சு தந்தது. தண்ணீர்ப் பசையின் பொட்டு வெளிறிப் போயிருந்தது. ஆக, எலுமிச்சையின் பலம் நிறத்தில் இருப்பதைவிட அவகாசத்தில் இருக்கிறது. இன்று குழைத்து நாளை நிதானமாகக் கோலமிட நினைப்பவருக்கு எலுமிச்சைதான். இன்றைக்கே இட வேண்டுமென்றால் தண்ணீர் தாராளமாகப் போதும், பொட்டு ஆரஞ்சாகும் நேரத்தைத் தவறவிடாமல் இருந்தால் சரி. எலுமிச்சை எரிச்சல் தருகிற தோலுக்கும் தண்ணீரைத்தான் சொல்வேன். கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், அது பசையின் வீரியத்தைக் கெடுத்துவிடுகிறது.

அப்புறம், கழுவுவதா உதிர்ப்பதா என்ற கேள்வி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பசை காய்ந்ததும் குழாயைத் திறந்து கழுவினால், அப்போதுதான் தோலில் ஏறி இன்னும் உறுதியாகப் பிடிக்காத சாயத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். கழுவிய கை மூன்றாம் நாளிலும் செம்பழுப்போடு நின்றுவிடும். உதிர்த்தோ, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் மெல்லச் சுரண்டியோ எடுத்துவிட்டு, குறைந்தது 12 மணி நேரம் தண்ணீர் படாமல் இருந்தால் கருஞ்சிவப்பு வரை போகும். நனைத்தே ஆக வேண்டுமென்றால் முன்னதாகச் சில துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கையைக் கதகதப்பாக வைத்திருப்பதும் உதவும்.

உள்ளங்கையையும் முன்னங்கையையும் ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டியதில்லை. உள்ளங்கையில் இறந்த செல் அடுக்கு தடிமன், அதனால் அதிகச் சாயம் தங்குகிறது. முன்னங்கையில் அதே பசை வெளிர்பழுப்போடு நின்றுவிடுவது இயல்பு.

இட்ட ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆகும் கோன்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. மருதாணி ஒரு மணி நேரத்தில் கறுக்காது. அப்படிக் கறுத்தால் அதில் முடிச்சாயத்தில் பயன்படும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தோலில் இட்டால் அது கொப்புளமும், கோலத்தின் வடிவிலேயே தழும்பும் உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு முடிச்சாயம்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சுத்தமான மருதாணிக்கும் ஒரு எல்லை உண்டு: ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு லாசோன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும், எனவே அவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இடக்கூடாது.

மிச்சமிருந்த எலுமிச்சைப் பசையைக் கோனில் நிரப்பி உறைபெட்டியில் வைத்தேன். குளிரில் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய நின்றுவிடுவதால் சில மாதங்கள் தாங்கும். உருகியபின் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே இட்டுவிட வேண்டும்.