மிண்டா, சாதாவா: எதை விடுவது கடினம்?

பாளையங்கோட்டைப் பக்கம் டீக்கடையில் நிற்கிற இளவட்டங்களிடம் ஏன் மிண்ட் சிகரெட் என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்: “சாதா தொண்டையப் பிடிக்கும் அண்ணாச்சி. மிண்டுன்னா இழுக்கதே தெரியாதுல்லா.” அதை அவர்கள் நல்ல குணமாகச் சொல்கிறார்கள். புகையை விட வேண்டும் என்று ஒரு நாள் முடிவெடுக்கும்போது காலை வாரிவிடுவது அதே குணம்தான்.

சாதா சிகரெட், மிண்ட் சிகரெட், பீடி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை விடுவது கடினம் என்ற ஒரே கேள்வியோடு பார்க்கப்போகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் பிடி இறுகியது மிண்ட். அதிலிருந்து வெளியே வர நல்ல வழி, சாதாவுக்கு மாறுவது அல்ல. நாள் குறித்து நேராக நிறுத்துவது.

கெடுதலைப் பொறுத்தவரை அதிகம் பேச ஒன்றுமில்லை. மிண்ட் சேர்ப்பதால் தாரோ கார்பன் மோனாக்சைடோ குறைவதில்லை. பீடியில் சேர்மானம் இல்லை, இலைதானே என்பார்கள். அந்த இலை சீராக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், வடிகட்டியும் கிடையாது. ஆகவே மிண்டை விட்டுவிட்டுப் பீடிக்குப் போவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. இதற்கு மேல் பீடியை இங்கே இழுக்கவில்லை.

சாதாவுக்கும் மிண்டுக்கும் இடையில் நடப்பதைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

புகை தொண்டையில் பட்டதும் எரிச்சல், கமறல், இருமல். இது உடம்பு வைத்திருக்கிற காவல். முதல் தடவை இழுப்பவர் பாதியிலேயே கீழே போடுவதும் இதனால்தான். புதினா வகையிலிருந்து எடுக்கும் மெந்தால், நரம்பு நுனியில் குளிர்ச்சியை உணர்கிற டி.ஆர்.பி.எம்.8 என்ற ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. உள்ளே போவது சுடு புகை, மூளைக்குப் போகும் செய்தியோ ‘குளிர்ச்சி’. மெந்தாலுக்கும் குளிருக்கும் ஒரே ஏற்பிதான் என்பது 2002-ல் தெரியவந்தது. அதைத் தனித்தனியே கண்டுசொன்ன டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் வெப்பம், தொடுதல் ஏற்பிகள் குறித்த வேலைக்காக 2021-ல் நோபல் பரிசு பெற்றார்கள். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்க்கும்போது நடப்பதும் இதுதான். உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும், மேலே குளுகுளுவென்று இருப்பதால் வலி பின்னுக்குப் போய்விடும். தைலம் தோலோடு நிற்கிறது. புகையில் போகும் மெந்தால், காவலைத் தூங்கவைத்துவிட்டு நிகோடினை நெஞ்சுக்குள் அழைத்துச் செல்கிறது.

பழைய மெந்தால் சிகரெட்டில் அதைப் புகையிலையிலோ உள்தாளிலோ தெளிப்பார்கள். ஆவியாகிற பொருள் என்பதால் பெட்டியைத் திறந்து வைத்தால் மணம் இறங்கிவிடும். இப்போது பஞ்சுக்குள் ஒரு சிறு குமிழி இருக்கிறது. விரலால் அமுக்கினால் ‘டக்’கென்று உடைந்து அந்த நேரத்தில்தான் மெந்தால் கலக்கும். வாசனை கடைசி வரை புத்தம் புதிதாக இருக்கும். கூடவே விரலுக்கும் ஒரு பழக்கம் சேர்ந்துகொள்கிறது. இது பின்னால் விடும்போது தொல்லை தரும்.

மெந்தால் மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. கிராம்பு சேர்த்த சிகரெட்டில் இருக்கும் யூஜினால், பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைப்பதுபோல் தொண்டையை மரக்கச் செய்யும். சர்க்கரைப் பொருள் எரியும்போது அமிலங்கள் உண்டாகி, நிகோடினின் காரம் தொண்டையில் உறைக்காமல் அடங்கும். பழ வாசனை, சாக்லேட் வாசனை போட்ட பீடிகள் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய் அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் பரவியது 1990-களின் கடைசியில். 2009-ல் அங்கே சிகரெட்டில் வாசனைகளைத் தடை செய்தார்கள். மெந்தாலை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த விதிவிலக்குதான் எத்தனையோ பேரை உள்ளே பிடித்துவைத்தது என்பது என் கருத்து.

இனி அந்த ஒரே கேள்வி. மிண்ட் ஏன் விடக் கடினம்?

முதல் காரணம், எண்ணிக்கை ஏமாற்றும். மிண்ட் குடிப்பவர்கள் பலர் நாளுக்குக் குறைவாகவே குடிக்கிறார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் முதல் சிகரெட்டுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் கைநீட்டுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் பலவற்றில் தெரிந்தது. பிடிமானத்தை அளக்க ஒரு நாளைக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைவிட இந்த முதல் சிகரெட் நேரம் நம்பகமானது. எழுந்த 30 நிமிடத்துக்குள் என்றால் பிடி வலுவானது. 5 நிமிடத்துக்குள் என்றால் மிக வலுவானது. ‘நாளுக்கு ஏழுதானே’ என்று தன்னை லேசானவர் பட்டியலில் சேர்த்துக்கொள்பவர் இங்கேதான் தவறுகிறார்.

இரண்டாவது காரணம், அந்தக் குளிர்ச்சியே அழைப்பு மணியாகிவிடுகிறது. சாதா குடிப்பவருக்குத் தூண்டுதல் டீ, சாப்பாடு, சிநேகிதர் என்று வரும். மிண்ட் குடிப்பவருக்கு இவற்றோடு வாயில் படும் எந்தக் குளிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். வாடை மறைக்கப் போடும் மிண்ட் மிட்டாய், காலையில் பற்பசை, குற்றாலச் சாரலில் சளிக்குத் தேய்க்கும் தைலம் எல்லாமே ‘ஒன்று பற்றவை’ என்று நினைவூட்டும்.

மூன்றாவதாக, மெந்தால் உடம்பில் நிகோடின் சிதைவதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது என்று 2004-ல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. அளவு பெரிதல்ல, இதைத் துணைக் காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. மிண்டுக்கும் சாதாவுக்கும் விடுவதில் வித்தியாசம் காணாத ஆய்வுகளும் உண்டு. பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை, அவர்களுடைய பழக்கம் வேறு. என்னை ஒரு பக்கம் சாய வைத்தது கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். 2017 ஜனவரியில் அங்கே மெந்தால் சிகரெட் விற்பனையை நிறுத்தினார்கள். அதன்பின் மெந்தால் குடித்தவர்களில் புகையை விட்டவர்களின் பங்கு, சாதா குடித்தவர்களில் விட்டவர்களின் பங்கைவிட அதிகமாக இருந்தது. மிருதுத்தன்மையை எடுத்துவிட்டால் பிடி தளர்கிறது என்றுதான் இதை வாசிக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2020 மே 20 முதல் மெந்தால் சிகரெட் விற்பனை கிடையாது. நம் பெட்டிக்கடைகளில் தடையின்றிக் கிடைக்கிறது, ஆகவே எடுத்துவிடும் வேலையைக் குடிப்பவரே செய்தாக வேண்டும்.

‘அப்படியானால் நானே சாதாவுக்கு மாறி, பிறகு விடுகிறேன்’ என்பது நியாயமான யோசனைபோல் தெரியும். ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். வயது 26, வண்ணாரப்பேட்டையில் வேலை. நாளுக்கு ஏழு மிண்ட், முதலாவது எழுந்த 10 நிமிடத்தில். அவர் சாதாவுக்கு மாறினால் முதல் இரண்டு மூன்று நாள் தொண்டை கமறும், இழுப்பு சிறியதாகும், இரண்டு சிகரெட் குறையக்கூட வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் நிறுத்தினால் பலன். பெரும்பாலும் நடப்பது வேறு: தொண்டைக்கு இதமாக ஒரு மிண்ட் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே சாதாவை இழுப்பார். வாயிலேயே மிண்ட் சிகரெட் தயாராகிவிட்டது. பத்து நாளில் தொண்டையும் பழகிவிடும். மாறுவதற்கு முன்பே நிறுத்தும் தேதியைக் குறித்து, அது ஒரு வாரத்துக்குள் இருந்தால் மட்டும் இந்த வழியை ஏற்கலாம்.

நேராக நிறுத்துவதென்றால் அதே ஆள் செய்ய வேண்டியது இது. முதல் சிகரெட் 30 நிமிடத்துக்குள் என்பதால் அவருக்குப் பொருந்துவது 4 மி.கி. நிகோடின் சூயிங்கம், அதை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும். 30 நிமிடத்துக்குப் பிறகு முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 2 மி.கி. போதும், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி, மொத்தம் 12 வாரத்தில் முடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இதில் தவறுகிற இடம் மெல்லும் முறை. சாதாரண சூயிங்கம்போல் சவைத்துக்கொண்டே இருந்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும், ஏக்கம் அடங்காது. ‘இது வேலைக்காகாது’ என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். மெதுவாக மென்று, காரமாக உறைக்க ஆரம்பித்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா வகைகளை அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தவிர்க்க வேண்டும், வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் உறிஞ்சப்படாது.

மிண்ட் குடித்தவர் சூயிங்கத்தில் மிண்ட் சுவையைத் தவிர்த்து வேறு சுவை எடுப்பதே நல்லது என்பேன். பழைய மணியை மறுபடி அடிப்பானேன்? இது கண்டிப்பான விதியல்ல. மிண்ட் இருந்தால்தான் வாயில் நிற்கிறது என்றால் அதையே எடுக்கட்டும், சிகரெட்டைவிட அது எவ்வளவோ மேல். ‘டக்’கென்று உடைத்துப் பழகிய விரலுக்கு முதல் இரண்டு வாரம் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும், வேர்க்கடலை உடைப்பதுகூட உதவும். ஓர் ஏக்கம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தணியும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். தடுமாறினால் சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 இலவச எண்ணில் பேசலாம்.

நிறுத்திய பிறகு சிலருக்கு இருமல் கூடும். மிண்ட் குடித்தவருக்கு இது பயமாக இருக்கும், இத்தனை நாள் இருமலே இல்லையே என்று. மெந்தால் அடக்கி வைத்திருந்ததும் இப்போது வெளியே வரலாம். ‘குடிச்சப்ப நல்லாத்தானே இருந்தேன்’ என்று மறுபடி பற்றவைப்பது இந்த இடத்தில்தான். வெந்நீர் குடித்துப் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது சளியில் ரத்தம் தெரிந்தால், அதைப் புகை கணக்கில் எழுதிவிடாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய் இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.